ஒரு சொல், மூன்று விடை: எண்ணினதைச் சரிபார்க்கவும் சொல்லிக்கொடுப்போம்

ஏ.எல் கணிதப் பிரிவில் பிள்ளை படிக்கிற வீடுகளும், கணிதம் படிப்பிக்கிற நண்பர்களும் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

போன கிழமை ஒரு மாணவி மூன்று டியூட்டோடு வந்தாள். மூன்றிலும் ஒரே கணக்கு. AKKARAIPATTU என்ற சொல்லின் எழுத்துகளை வைத்து நான்கெழுத்துச் சொற்கள் எத்தனை ஆக்கலாம்? (கருத்து இருக்க வேண்டியதில்லை.) ஒன்றில் விடை 1405, அடுத்ததில் 1423, மற்றதில் 1441. "எது சேர் சரி?" என்று கேட்டாள்.

அந்தச் சொல்லில் A நான்கு, K இரண்டு, T இரண்டு. R, I, P, U ஒவ்வொன்று. நாம் படிப்பிக்கிற முறை, வகை வகையாகப் பிரிப்பது. நான்கும் வேறு வேறு என்றால் 840. ஒரு சோடியும் வேறு இரண்டும் என்றால் 540. இரண்டு சோடி என்றால் 18. மூன்று A, வேறொன்று என்றால் 24. நான்கும் A என்றால் 1. கூட்டினால் 1423.

1405 எழுதியவர் இரண்டு சோடி வகையை மறந்துவிட்டார். 1441 எழுதியவர் "முதலில் A, பிறகு K" என்பதையும் "முதலில் K, பிறகு A" என்பதையும் வேறாக எடுத்து, 18ஐ 36 ஆக்கிவிட்டார். மூன்று டியூட்டிலும் வரிகள் ஒழுங்காகத்தான் இருந்தன. ஒரு வகை விடுபட்டால் இந்த முறை தானாகக் காட்டித்தராது. அதுதான் என் கவலை.

ஆகவே இரண்டாவது வழியொன்றும் பிள்ளையின் கையில் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. அதன் பெயர் அடுக்குக்குறிப் பிறப்பாக்கும் சார்பு. பெயர்தான் பெரிது, வேலை பெருக்கல் மட்டும்.

ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு அடைப்பு. ஒரு தடவை மட்டும் வரக்கூடிய எழுத்துக்கு (1 + x). இரண்டு தடவை வரை என்றால் (1 + x + x²/2!). A நான்கு தடவை வரலாம், ஆகவே x⁴/4! வரை போகும். x இன் அடுக்கு, அந்த எழுத்து எத்தனை தடவை வந்தது என்று சொல்கிறது. கீழே காரணியம் ஏன்? இரண்டு K இடம் மாறினாலும் சொல் மாறாது, அதனால் 2! ஆல் வகுக்கிறோம். கடைசியில் நான்கு இடங்களுக்காக 4! ஆல் பெருக்குகிறோம். 4!/(2!2!) என்று வகுப்பில் எழுதுகிற அதே கணக்குத்தான்.

A ஐத் தள்ளிவைத்து மற்ற ஆறு எழுத்துகளின் அடைப்புகளையும் x⁴ வரை பெருக்குங்கள்:

```
(1 + x + x²/2!)² (1 + x)⁴
= 1 + 6x + 16x² + 25x³ + (101/4)x⁴ + …
```

இதை A இன் அடைப்பால் பெருக்கி, x⁴ இன் குணகத்தை எடுங்கள்:

```
101/4 + 25 + 16/2! + 6/3! + 1/4!
```

இதை 24 ஆல் பெருக்கினால் 606 + 600 + 192 + 24 + 1 = 1423.

இந்த ஐந்து எண்ணுக்கும் பொருள் உண்டு. A வராத சொற்கள் 606, ஒரு தடவை வருபவை 600, இரண்டு தடவை 192, இப்படியே போகும். 192ஐக் கையாலும் பார்க்கலாம். இரண்டு A க்கு இடம் தெரிய 6 வழி. மிச்ச இரண்டு இடத்துக்கு வேறு வேறு எழுத்து வைக்க 30 வழி, KK, TT இரண்டும் சேர 32. ஆறு தடவை 32, 192. வகை பிரித்ததற்கும் இதற்கும் கூறுகள் வேறு, கூட்டுத்தொகை ஒன்று. அதனால்தான் இது உண்மையான சரிபார்ப்பு.

காரணியத்தை மறந்து (1 + x + x²) என்று எழுதினால் 90 வரும். அது தெரிவுகளின் எண்ணிக்கை, சொற்களின் எண்ணிக்கை அல்ல. அந்த 90ஐ 24 ஆல் பெருக்கி 2160 என்று எழுதுவதும் பிழை.

"சிலபஸில் இல்லாததை ஏன் படிப்பிக்க வேண்டும்?" என்று ஒரு சக ஆசிரியர் கேட்டார். அவர் கேட்டது நியாயம். விடைத்தாளில் வகை பிரித்தே எழுதட்டும், இதை ஓரத்தில் போட்டுப் பார்க்கட்டும். இதற்கு எல்லையும் உண்டு. "இரண்டு A பக்கத்தில் வரக்கூடாது" என்று கேட்டால் இது உதவாது. எழுத்து எத்தனை தடவை வந்தது என்பதுதான் இதற்குத் தெரியும், எங்கே வந்தது என்பது தெரியாது.

அந்த மாணவிக்கு எது சரி என்று நான் சொல்லவில்லை. பெருக்கிப் பார்க்கச் சொன்னேன். பத்து நிமிடத்தில் 1423ஐச் சுற்றி வட்டம் போட்டாள். பிறகு 1405 எழுதிய டியூட்டில் எந்த வரி இல்லை என்பதையும் அவளே காட்டினாள்.

டியூட் அடிக்கிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அச்சுக்குக் கொடுக்கும் முன் நீங்களும் ஒரு தடவை பெருக்கிப் பாருங்கள்.