"அவர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் என்ன சொல்வது?



சென்ற ஞாயிறு திருப்பூரிலிருந்து பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். பத்தாம் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து என் எழுத்துப் பிழைகளையே திருத்தியவள். இப்போது பனியன் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவுக்கு மேலாளர்.

"சார், எங்கிட்ட வேலை பார்த்த பையன் ஒருத்தன் வேற கம்பெனிக்குப் போறான். அங்கேருந்து ரெஃபரன்ஸ் கேக்குறாங்க. கேஷ் சம்பந்தப்பட்ட வேலையாம். இங்க இருந்தப்போ கேஷ் பெட்டியில ஒரு தடவை 4,200 ரூபாய் குறைஞ்சுது. என்ன சொல்லட்டும்?"

"அவன்தான் எடுத்தான்னு தெரியுமாம்மா?"

"தெரியாது சார். தோணுது."

"சாவி யாருகிட்ட இருந்துச்சு?"

"அவன்கிட்டயும் இன்னொருத்தர்கிட்டயும். அதுக்குள்ள அவன் ராஜினாமா குடுத்துட்டான். நாங்களும் விசாரிக்கல, விட்டுட்டோம்."

உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஒரு நாள் கழித்துப் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். உங்களில் பலர் இப்போது நாலு பேருக்கு மேலே உட்கார்ந்திருக்கிறீர்கள். இந்த போன் உங்களுக்கும் வரும். எனக்கு வந்தபோது நான் செய்யவிருந்த தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு சில வருடம் ஒரு தனியார் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்தேன். அங்கே கணித ஆசிரியர் ஒருவர். நான்காவது வருடம், ஜனவரி மாதம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை நட்டாற்றில் விட்டுவிட்டு மூன்று வார அவகாசத்தில் போய்விட்டார். ஒப்பந்தப்படி மூன்று மாதம் முன்னதாகச் சொல்லியிருக்க வேண்டும். மாற்று ஆள் கிடைக்காமல் நானே சாக்பீஸ் எடுத்துக்கொண்டு போனேன். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

மே மாதம் வேறு மாவட்டத்துப் பள்ளி ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. எத்தனை வருடம் பணி, பாடம் நடத்தும் திறன், நேரம் தவறாமை, விலகிய காரணம், கடைசியாக ஒரு கேள்வி: மீண்டும் இவரைப் பணிக்கு எடுப்பீர்களா? தாளாளர் எட்டிப் பார்த்துவிட்டு, "எங்கயும் வேலை கிடைக்காதபடி எழுதுங்க சார்" என்றார். நானும் எழுதினேன். "பொறுப்பற்றவர். அடிக்கடி தாமதமாக வருபவர். தன் வகுப்பு மாணவர்களுக்கே பணம் வாங்கி டியூஷன் எடுத்ததாகவும் கேள்வி." கையெழுத்து மட்டும் பாக்கி. பள்ளி முத்திரை அலுவலக அறையில் பூட்டிக் கிடந்ததால் அன்று அனுப்பவில்லை. அந்தப் பூட்டுக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

மறுநாள் காலை, எழுதியதற்குச் சான்று வேண்டுமே என்று வருகைப் பதிவேட்டை எடுத்தேன். முதல் மூன்று வருடத்தில் தாமதம் என்று சிவப்பு மையில் குறித்தது மொத்தம் ஐந்து நாள். நான்காவது வருடத்தில் 19 நாள். அதில் 15 நாள் அக்டோபருக்குப் பிறகு. கிழமையைப் பார்த்தால் பெரும்பாலும் செவ்வாய், வெள்ளி. நவம்பரில் நானே ஒரு மெமோ கொடுத்திருந்தேன். அதற்கு அவர் எழுதிய பதில் கோப்பில் மடித்தபடியே இருந்தது. அப்பாவுக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ், காலையில் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வர வேண்டியிருக்கிறது, முதல் பீரியடை மாற்றித் தர முடியுமா என்று கேட்டிருந்தார். நான் அதைப் படிக்கவே இல்லை. பதில் வந்துவிட்டது என்று கோப்பில் போடச் சொல்லியிருக்கிறேன், அவ்வளவுதான்.

டியூஷன் விஷயம்? ஆசிரியர் ஓய்வறையில் ஒருவர் சொன்னது. எந்தப் பெற்றோரும் புகார் தரவில்லை, நான் விசாரிக்கவில்லை, அவரிடம் கேட்கவும் இல்லை. "கேள்வி" என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் பாவம் கழுவப்பட்டுவிடும் என்று நினைத்திருக்கிறேன். படிப்பவர் அந்தச் சொல்லையா பார்ப்பார்? டியூஷன், பணம் என்பதைத்தான் பார்ப்பார்.

எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு அவருக்கே போன் செய்தேன். என் பெயரைக் கொடுத்தது அவர்தானா என்று முதலில் உறுதி செய்துகொண்டேன். பிறகு, நான் எழுதப் போவதை வரிவரியாகப் படித்துக் காட்டினேன். தாமதம் என்ற வரி வந்ததும், "அதை மட்டும் விட்டுடலாமே சார்" என்றார்.

விடவில்லை. அந்தப் பள்ளி நேரடியாகக் கேட்டிருக்கிறது. "நேரம் தவறாதவர்" என்று நான் எழுதினால், அதை நம்பி முதல் பீரியடில் பத்தாம் வகுப்பைக் கொடுப்பார்கள். அங்கேயும் பிள்ளைகள்தானே உட்கார்ந்திருப்பார்கள்? ஆனால் காரணம் இல்லாமல் 19 நாள் என்று எழுதினால் அதுவும் பாதி உண்மைதான். அப்பாவின் நோய் அவர் வீட்டு விஷயம் என்பதால், எழுதலாமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சரி என்றார். கடைசியில் போன கடிதம் ஏறக்குறைய இப்படி இருந்தது:

"இவர் இப்பள்ளியில் மூன்று வருடம் ஏழு மாதம் கணித ஆசிரியராகப் பணியாற்றினார். இவரது வகுப்புகளை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பின்தங்கிய மாணவர்களுக்குப் பொறுமையாக விளக்குவதில் தேர்ந்தவர். முதல் மூன்று ஆண்டுகளில் ஐந்து நாளும், கடைசி ஆண்டில் 19 நாளும் தாமதமாக வந்துள்ளார். கடைசி ஆண்டின் தாமதம் பெரும்பாலும் தந்தையின் டயாலிசிஸ் நாள்களில் நேர்ந்தது. வேறு பீரியட் கேட்டிருந்தார். பள்ளி அதைப் பரிசீலிக்கவில்லை. மூன்று மாத அவகாசத்துக்குப் பதில் மூன்று வாரத்தில், கல்வியாண்டின் நடுவே விலகினார். இதனால் பத்தாம் வகுப்பு பாதிக்கப்பட்டது. கல்வியாண்டு முடியும்வரை இருப்பதாக உறுதி தந்தால் மீண்டும் எடுத்துக்கொள்வேன்."

"பள்ளி அதைப் பரிசீலிக்கவில்லை" என்ற வரியைத் தாளாளர் அடிக்கச் சொன்னார். அப்படியானால் கையெழுத்தும் இல்லை என்றேன்.

அந்தப் பள்ளி அவரை எடுத்துக்கொண்டது. ஆனால் ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்குத்தான், பத்தாம் வகுப்புக்கு இல்லை. அவருக்கு என் மேல் வருத்தம் இருந்தது. இரண்டு பொங்கலுக்கு வாழ்த்து வரவில்லை. அதற்காக அந்த வரியை எடுத்திருக்க வேண்டும் என்று எனக்கு இன்றும் தோன்றவில்லை.

இதை வாயால் சொல்லியிருந்தால் இந்தக் கணக்கெல்லாம் வந்திருக்காது. போனில் "ம்ம்… இருந்தார்… பரவாயில்லை" என்று இழுத்தாலே ஒருவர் வேலை போய்விடும். நாம் ஒன்றும் சொல்லவில்லை என்று நாமும் நிம்மதியாக இருப்போம். அதனால் போனில் யார் கேட்டாலும், அந்த நிறுவனத்தின் பெயரிலிருந்து கேள்விகளை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். பேசித்தான் ஆக வேண்டும் என்றால், போனை வைத்துவிட்டு அவர்களுடைய அலுவலக எண்ணுக்கு நீங்களே திரும்பக் கூப்பிடுங்கள். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட மேனேஜர் என்று சொல்லி விசாரிக்கும் ஊர் இது.

கெட்டதைச் சொன்னால் மானநஷ்ட வழக்கு வருமே என்று பயப்படுகிறவர்களும் உண்டு. வக்கீலாக இருக்கும் நம் மாணவர் ஒருவர் எனக்குச் சட்டத்தைக் காட்டினார். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 499ஆவது பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 356. கேட்பவரின் நலனைக் காக்க நல்லெண்ணத்தோடு சொல்வதற்கு அதில் விலக்கு இருக்கிறது. ஆனால் சட்டம் சொல்லும் நல்லெண்ணம் வேறு. உரிய கவனம் எடுக்காமல் செய்த எதுவும் நல்லெண்ணம் ஆகாது என்கிறது. பதிவேட்டைப் பார்த்து எழுதிய 19 நாளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கும். ஓய்வறை வம்புக்குக் கிடைப்பது கடினம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பிரச்சினைக்குரிய ஆளை "நன்னடத்தை உள்ளவர்" என்று எழுதிக் கொடுத்து நாசூக்காக அடுத்த இடத்துக்குத் தள்ளிவிடுவது. (மாற்றுச் சான்றிதழில் எல்லோருக்கும் "நடத்தை: நன்று" என்று எழுதிய கைதான் இது. ஜன்னல் கண்ணாடியை உடைத்தவர்களும் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். அது வேறு, நீங்கள் குழந்தைகள்.) குழந்தையிடம் தவறாக நடந்ததாகத் தெரிந்த ஒருவரை இப்படி அனுப்பிவைப்பது குற்றத்தை மறைப்பதுதான். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், தெரிந்தவர்கள் போலீசில் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. ரெஃபரன்ஸ் கடிதம் வரும்வரை காத்திருக்கிற விஷயம் அல்ல அது.

திருப்பூர் மாணவிக்குத் திங்கட்கிழமை பேசினேன். உங்கள் கம்பெனியில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி மட்டும்தான் சொல்வது என்று வழக்கம் இருந்தால் அதையே சொல், ஆனால் எல்லோருக்கும் அதைத்தான் சொல்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல் என்றேன். நல்லவனுக்கு நாலு பக்கம், பிடிக்காதவனுக்குத் தேதி மட்டும் என்றால் அந்தத் தேதியே பழிச்சொல்லாகிவிடும்.

அப்படி வழக்கம் எதுவும் இல்லை என்றாள். அப்படியானால் அந்த 4,200 ரூபாயை அவன் தலையில் வைக்க உனக்கு உரிமை இல்லை என்றேன். இரண்டு பேரிடம் சாவி, விசாரணை நடக்கவில்லை, அவனிடம் கேட்கவும் இல்லை. விசாரிக்காமல் விட்டது கம்பெனியின் சோம்பல். அதற்கு அவன் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

"அப்போ பணத்தைப் பத்தி அவங்க நேரா கேட்டா?"

"நடந்ததைச் சொல்லு. ரெண்டு சாவி, ஒரு தடவை குறைஞ்சுது, யாரையும் விசாரிக்கல, அதனால இவன்தான்னு என்னால சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாதுன்னு சொல்லு. ரெண்டு சாவியை விட்டுட்டுச் சொல்லாதே. அதுக்கு முன்னாடி அவன்கிட்ட பேசிடு."

செவ்வாய் இரவு பேசியிருக்கிறாள். லாரி வாடகை கொடுத்த வவுச்சர் ஒன்று தொலைந்துபோனதாகவும், சொன்னால் திட்டு விழும் என்று பேசாமல் இருந்துவிட்டதாகவும் அவன் சொன்னானாம். உண்மையா என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. லாரி ஆபீஸில் அந்த மாத ரசீது நகல் இருக்கிறதா என்று பார்க்க ஆள் அனுப்பியிருக்கிறாள். வந்த பிறகுதான் கடிதம் எழுதுவாளாம்.