களிம்பு ஆண்டு சொல்லாது

கோயில் செப்புத் திருமேனி ஒன்றின் காலத்தைக் கணிக்க வார்ப்பு முறை, கலைப்பாணி, களிம்பு ஆகிய மூன்றும் சான்றுகளாகக் கொள்ளப்படினும், அம்மூன்றும் ஒரே வகையான விடையைத் தருவன அல்ல. பாணி ஒரு நூற்றாண்டையோ அதன் ஒரு பகுதியையோ சுட்டுகிறது; வார்ப்பும் உலோகக் கலவையும் அவ்வாறு சுட்டப்பட்ட காலம் பொருந்துமா என்று சோதிக்கின்றன; களிம்போ, திருமேனி உண்மையில் பழையதுதானா என்ற ஒரு கேள்விக்கே பெரும்பாலும் விடை தருகிறது.

பாணியைக் கொண்டு காலம் கணிப்பவர், கல்வெட்டால் காலம் உறுதியான சில திருமேனிகளை அளவுகோலாகக் கொள்கிறார். திருவெண்காட்டு ரிஷபவாகனர் அவற்றுள் தலையாயது. முதலாம் இராசராசனின் 26ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1011ஐ ஒட்டி, அத்திருமேனி எழுந்தருளுவிக்கப்பட்டதைக் கோயில் கல்வெட்டு கூறுகிறது. இத்தகைய அளவுகோல்கள் மிகச் சில என்பதால், இடைப்பட்ட திருமேனிகளின் காலம் ஒப்பீட்டாலேயே நிறுவப்படுகிறது. திருவள்ளூர் மாவட்டத்துத் திருவாலங்காட்டிலிருந்து சென்னை அரசு அருங்காட்சியகத்தை அடைந்த நடராசரில் திருவாசியும் பக்கங்களில் விரியும் சடைக்கற்றைகளும் இன்று இல்லை. நடராசத் திருமேனிகளின் காலத்தைப் பிரித்தறிய உதவும் இரு உறுப்புகள் இவ்வாறு இல்லாதபோது, முகம், உடற்கட்டு, அணிகள் ஆகியவற்றின் மீதே முடிவின் சுமை முழுவதும் விழுகிறது.

வார்ப்பு முறை தரும் உதவிக்கு ஓர் எல்லை உண்டு. மெழுகில் உருச் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வடித்தபின் உலோகம் ஊற்றுவது தமிழக மரபு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் கனமாக வார்த்தவற்றையும் பொள்ளலாக வார்த்தவற்றையும் வேறுபடுத்திக் குறித்தாலும், நமக்குக் கிடைக்கும் தமிழகத் திருமேனிகளில் கன வார்ப்பே மிகுதி. பொள்ளல் வார்ப்பில் உள்ளே எஞ்சும் கருமண் கடைசியாகச் சூடேறிய காலத்தை வெப்ப ஒளிர்வு முறையால் கணிக்க இயலும். கன வார்ப்பில் அந்தக் கருமண் இல்லாததால் அவ்வழி அடைபடுகிறது.

எஞ்சுவது உலோகமே. ஈயத்தின் ஐசோடோப்பு விகிதம், அதாவது ஒரே ஈயத்தின் வெவ்வேறு எடையுள்ள அணுக்கள் கலந்திருக்கும் விகிதம், தாதுச் சுரங்கத்துக்குச் சுரங்கம் மாறுபடுவது. உருக்கினாலும் அது மாறுவதில்லை. சாரதா சீனிவாசன் நூற்றுக்கும் மேற்பட்ட தென்னிந்தியத் திருமேனிகளை இவ்வகையிலும் நுண்தனிமங்களின் அளவிலும் ஆராய்ந்து, காலம் அறியப்பட்டவற்றின் குழுக்களோடு பிறவற்றை ஒப்பிட்டார். சோழர் காலத்தவை எனக் கருதப்பட்டு வந்த குன்னியூர் நடராசரும் பிரித்தானிய அருங்காட்சியக நடராசரும் பல்லவர் குழுவோடு ஒத்திருந்ததைக் கொண்டு, நடராசத் திருமேனி வார்ப்பு பல்லவர் காலத்திலேயே, 9ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முன்பே, தொடங்கியது என்று அவர் 2004இல் வாதிட்டார். இம்முடிவு வலியது, ஆயினும் பழைய திருமேனியையோ பாத்திரத்தையோ உருக்கி மறுவார்ப்புச் செய்திருந்தால் ஈயம் பழைய குழுவையே காட்டும் என்பதால், பாணியின் சான்றை இது நீக்கிவிடுவதில்லை.

களிம்பைப் படிப்பதில்தான் பிழை மிகுதியாக நேர்கிறது. செம்பின் மேல் முதலில் சிவந்த ஆக்சைடு படலமும் அதன்மேல் பச்சைக் கார்பனேட்டும் படிகின்றன; நெடுங்காலம் மண்ணில் கிடந்த உலோகத்தில் அரிப்பு துகள்களின் எல்லை வழியே உள்ளேயும் புகுந்திருக்கும். அமிலம் பூசிச் செய்த போலிக் களிம்பின் அடியில் அத்தகைய ஊடுருவலைக் காண்பதரிது. ஆனால் களிம்பு எத்தனை ஆண்டுப் பழையது என்பதை மட்டும் அதன் தடிப்பு சொல்லாது. பழவேற்காட்டுக்கும் எண்ணூருக்கும் இடையே, கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவிலுள்ள காட்டுப்பள்ளியின் மண்ணில் ஒரு திருமேனியும், கடலிலிருந்து தொலைவிலுள்ள திருவாலங்காட்டு மண்ணில் அதே பட்டறையில் வார்த்த மற்றொன்றும் ஒரே காலம் கிடந்தனவாகக் கொண்டால், முன்னதில் குளோரைடு புகுந்து, ஈரக்காற்றுப் படுந்தோறும் வெளிர்பச்சைத் தூளாக உதிரும் செம்பு நோய் எழுவது எளிது. பார்ப்பவர் அதையே பல நூற்றாண்டு பழையதென மயங்குவார். மாறாக, பூசையிலிருக்கும் திருமேனி புளியாலும் திருநீற்றாலும் துலக்கப்படுவதால், ஆயிரமாண்டு கடந்தும் களிம்பின்றி முகம் தேய்ந்து நிற்கும். தேய்வும் களிம்பும் காலத்தைவிட வாழ்க்கையையே பதிவு செய்கின்றன.

ஆகவே அறிக்கை எழுதுவோர், பாணியால் பெற்ற காலம், உலோகம் அதனோடு ஒத்ததா முரண்பட்டதா என்பது, களிம்பின் இயல்பு ஆகியவற்றைத் தனித்தனியே பதிந்தபின் கால வரம்பை எழுதுதல் வேண்டும். துத்தநாகம் மிகுந்த பித்தளையாக ஒன்று அமைந்து, அதன் அளவு 28 விழுக்காட்டைத் தாண்டினால், பழைய பித்தளை முறையால் அந்த அளவை எட்ட இயலாது என்பதால், சோழர் காலம் என்ற பாணிக் கணிப்பை அங்கேயே நிறுத்த வேண்டியிருக்கும். களிம்பை நீக்கும் சிகிச்சை தொடங்குமுன், திருமேனியின் பீடத்தடி போன்ற மறைவிடத்தில் களிம்புள்ள சிறு மாதிரி எடுத்துப் பாதுகாக்குமாறும், அது கிடந்த இடத்தின் மண்ணில் ஒரு கைப்பிடியை உடன் வைக்குமாறும் இவ்விதழ் வாசகர்களை வேண்டுகிறது.