மசக்கை எது, வியாதி எது?

மசக்கை என்றதும் வீட்டிலுள்ள பெரியவர்கள் புன்னகை செய்கிறார்கள். பெரும்பாலும் அவர்கள் எண்ணுவது சரியே. இரண்டாம் மாதத்தில் தொடங்கும் குமட்டல் ஐந்தாம் மாதத்திற்குள் பலருக்கும் தானே அடங்கிவிடுகிறது. ஆனால் மசக்கை எங்கே முடிகிறது, வியாதி எங்கே தொடங்குகிறது என்பதை அறிய வேண்டாமா? அதற்கு ஒரு தராசு பெரிதும் உதவும்.

திண்டிவனத்தை அடுத்த கிராமம் ஒன்றில் ஒரு பெண் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கர்ப்பத்தைப் பதிவு செய்த அன்று அவள் எடை 50 கிலோ. கிராம சுகாதார நர்ஸ் அதைக் குறித்து வைத்திருக்கிறார். காலையில் இரண்டு முறை வாந்தி. மற்ற வேளைகளில் கஞ்சியும் மோரும் தங்குகின்றன. இது மசக்கை. சிறிது சிறிதாக அடிக்கடி உண்பதும், இஞ்சியும் இதற்குப் போதும்.

போதாவிடில் வைத்தியர் முதலில் தருவது டாக்ஸிலமினும் பிரிடாக்ஸினும் சேர்ந்த மாத்திரை. ஒவ்வொன்றும் 10 மில்லிகிராம் உள்ள மாத்திரையில் இரண்டை இரவு படுக்கும்போது கொடுப்பது வழக்கம். அவசியமானால் வைத்தியர் பகலிலும் சேர்ப்பார். தூக்கம் வரும், அதுவன்றிச் சிசுவுக்குக் கெடுதல் இல்லையென்று நீண்டகால அநுபவம் காட்டியிருக்கிறது. மாத்திரை என்றாலே அஞ்சி, வாந்தியைப் பொறுத்துக்கொண்டிருப்பதில் லாபமில்லை.

அதே பெண் இரண்டு வாரம் கழித்து 47½ கிலோவுக்கு இறங்கிவிட்டால் விஷயம் வேறு. நூற்றுக்கு ஐந்து பங்கு எடை போய்விட்டது. ஒரு நாள் முழுவதும் தண்ணீர்கூடத் தங்காவிட்டாலும், எட்டு மணி நேரம் சிறுநீர் பிரியாவிட்டாலும், எழுந்து நின்றால் மயக்கம் வந்தாலும் தராசுக்குக் காத்திருக்க வேண்டாம். ஜுரம், வயிற்றுவலி, வாந்தியில் ரத்தம் ஆகியவையும் அப்படியே. திண்டிவனம் அரசாங்க ஆஸ்பத்திரிக்கோ, விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கம் அரசாங்க வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ உடனே செல்ல வேண்டும். 108-ஐ அழைத்தால் வண்டி வரும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பக்கத்துக் கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு திரும்புவது பலருக்கும் வழக்கம். பல நாள் உணவு தங்காதவளின் உடலில் தயாமின் என்னும் விட்டமின் பி1 வற்றியிருக்கும். அந்நிலையில் முதலில் குளுக்கோஸ் ஏற்றினால் மிச்சமிருப்பதும் செலவழிந்து, மூளை பாதிக்கப்படலாம். பார்வை இரட்டையாகத் தெரிவதும், நடை தள்ளாடுவதும், புத்தி தடுமாறுவதும் அதன் அடையாளங்கள். ஆகையால் ஆஸ்பத்திரியில் உப்புநீரை ஏற்றி, ரத்தத்தைச் சோதித்துப் பொட்டாசியம் குறைந்திருந்தால் அதையும் சேர்த்து, தயாமினைக் கொடுத்த பிறகே குளுக்கோஸைப் பற்றி யோசிப்பார்கள். "எத்தனை நாளாகச் சாப்பாடு தங்கவில்லை?" என்று எவரும் கேட்காவிட்டாலும், உடன் செல்பவர் அதை முதலில் சொல்லிவிடுவது நல்லது.

இதை மனப்பலவீனம் என்று மாமியாரோ கணவனோ கருதினால், அவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. நஞ்சுக்கொடியிலிருந்து தாயின் ரத்தத்தில் கலக்கும் ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோனே இதற்கு முக்கிய காரணம் என்று 2023-ல் விஞ்ஞானிகள் விளக்கினார்கள். கர்ப்பத்திற்கு முன் அது குறைவாக இருந்து பழகிய உடலைத்தான் அது அதிகமாக வாட்டுகிறதாம்.