‘கருதப்படுகிறது’: யாரால்?

எழுத்தில் ‘நான்’ வராமல் பார்த்துக்கொண்டால் நடுநிலை வந்துவிடும், தேய்த்து மெருகேற்றினால் நம்பகம் கூடும் என்று நம்மில் பெரும்பாலோர் நம்புகிறோம். பள்ளிக் கட்டுரையில் பிடித்த இந்தப் பழக்கம் மனு, அறிக்கை, ஆய்வேடு என்று கூடவே வருகிறது. இதைத் தவறு என்று மட்டும் சொல்லி நிறுத்த மாட்டேன், கேடு என்றே சொல்வேன். அப்படித் தேய்க்கும்போது முதலில் உதிர்வது நம் முடிவுக்கான காரணம். அதோடு சேர்ந்து, நாம் சொல்லக் கூசும் உண்மையும் உதிர்கிறது.

என் வரைவையே எடுத்துக்கொள்கிறேன். எங்கள் ஊர் ஏரி பற்றி அதிகாரிகளுக்கு ஒரு மனு எழுதினேன். நான்கு முறை திருத்திய பிறகு அது இப்படித் தொடங்கியது: “நீர்நிலைகளைப் பாதுகாப்பது காலத்தின் கட்டாயமாகும். முறையான பராமரிப்பு இன்மையால் ஏரியின் கொள்ளளவு வெகுவாகக் குறைந்துள்ளதாகக் கருதப்படுகிறது. எனவே தூர்வாரும் பணி உடனடியாக மேற்கொள்ளப்பட வேண்டும்.” இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் இதை எந்த ஏரிக்கும் அனுப்பலாம்.

பென்சிலை எடுத்து ‘கருதப்படுகிறது’ என்பதன் பக்கத்தில் ‘யாரால்?’ என்று எழுதினேன். டீக்கடையில் நாலு பேர் சொன்னது, அவ்வளவுதான். ‘வெகுவாக’ என்பதன் பக்கத்தில் ‘எவ்வளவு?’ என்று எழுதினேன். நான் அளக்கவே இல்லை. ‘எனவே’ என்ற சொல்லில்தான் மாட்டிக்கொண்டேன். போன ஐப்பசி மழையில் மேல் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த உபரி எங்கள் ஏரிக்குத்தான் வர வேண்டும். எங்கள் ஏரியோ பாதிகூட நிரம்பவில்லை. தூர்ந்துபோன ஏரியில் கொள்ளளவு குறைவு, ஆகவே அது சீக்கிரமே நிரம்பி வழிய வேண்டும் அல்லவா? நிரம்பவே இல்லை என்றால் கோளாறு ஏரியின் அடியில் இல்லை, தண்ணீர் வரும் வழியில் இருக்கிறது. என் ‘எனவே’ இரண்டு வாக்கியங்களை ஒட்டியதே தவிர, எதையும் நிறுவவில்லை.

ஊர் நீர்க்கட்டியை அழைத்துக்கொண்டு வரத்து வாய்க்கால் நெடுக நடந்தேன். திரும்பி வந்து எழுதியது இது: “வாய்க்கால் சாலையைக் கடக்கும் இடத்தில் பதித்த குழாயில் முக்கால்வாசி மண் அடைத்திருப்பதைப் பார்த்தேன். மழைத் தண்ணீர் அங்கே முட்டித் திரும்பி ஓடைக்குப் போய்விடுகிறது என்று நீர்க்கட்டி சொன்னார். மழை நேரத்தில் நான் அங்கே நிற்கவில்லை. ஏரியும் தூர்ந்திருக்கலாம், அதை நான் அளக்கவில்லை. முதலில் குழாயைச் சரிசெய்யக் கேட்கிறேன்.”

மனுவின் கோரிக்கையே மாறிப்போனதைக் கவனியுங்கள். நடையைத் திருத்தப் போன இடத்தில் என் கருத்து திருந்தியது. மெருகேற்றிய வரைவு அந்தத் தவறான கருத்தை எனக்கே தெரியாமல் காப்பாற்றி வைத்திருந்தது.

இன்னொன்றும் அந்த வரைவில் மறைந்திருந்தது. அந்த ஏரிப் பாசனத்தின் கடைமடையில் எனக்கு முக்கால் ஏக்கர் நிலம் உண்டு. பொதுநலம் பேசும் மனுவில் அது எதற்கு என்று விட்டிருந்தேன். உண்மையில், ‘நான்’ இல்லாத நடையில் அதைச் சொல்ல இடமே இல்லை. இப்போது அது மூன்றாவது வரியாக நிற்கிறது. படிப்பவர் என் வாதத்தை எடைபோடும்போது அதையும் சேர்த்தே எடைபோடட்டும்.

சொந்தக் குரல் வேண்டும் என்றதும் சிலர் வட்டார வழக்கு நான்கு சொல், பாட்டி சொன்ன கதை ஒன்று என்று மேலே தூவுகிறார்கள். அதுவும் மெருகுதான், பூச்சின் நிறம் மட்டும் வேறு. என் மனுவில் ஒரு வட்டாரச் சொல்கூடக் கூடவில்லை. ஆனாலும் அதை வேறொருவர் எழுதியிருக்க முடியாது. அந்தக் குழாயைப் பார்த்தவர், அளக்காததை அளக்கவில்லை என்று ஒப்புக்கொள்பவர் எழுதியது அது.

‘அலுவல் எழுத்து இறுக்கமாகத்தான் இருக்க வேண்டும்’ என்பவர்கள் நீதிமன்றப் பிரமாணப் பத்திரத்தைப் பார்க்க வேண்டும். அதைவிட இறுக்கமான எழுத்து ஏது? அது ‘நான்’ என்றே பேசுகிறது. 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 19-ஆவது கட்டளை, 3-ஆவது விதி, சொந்த அறிவால் மெய்ப்பிக்கக்கூடியவற்றோடு பிரமாணப் பத்திரம் நின்றுகொள்ள வேண்டும் என்கிறது. இடைக்கால மனுக்களில் நம்பிக்கையையும் சொல்லலாம், ஆனால் அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் என்ன என்று காட்டியாக வேண்டும். கண்டது எது, கேட்டது எது என்று பிரித்துச் சொல்லச் சட்டமே கேட்கிறது. நம் கட்டுரைகள் மட்டும் இரண்டையும் ‘படுகிறது’ என்ற ஒரே போர்வையில் சுருட்டி வைக்கின்றன.

உங்கள் மேசையில் இப்போது ஒரு வரைவு இருந்தால், அனுப்பும் முன் அதிலுள்ள ஒவ்வொரு ‘படுகிறது’க்கும் பக்கத்தில் ‘யாரால்?’ என்று எழுதுங்கள். பதில் ‘என்னால்’ என்றால் அப்படியே சொல்லுங்கள். பதில் கிடைக்கவில்லை என்றால் அந்த வாக்கியத்தை அடித்துவிடுங்கள்.