இன்டர்வியூ கார்னர்: ஐ.வி.யில் என்ன பார்த்தீங்க?

கெமிக்கல் இன்ஜினீயரிங் முடித்து ஆலை வேலைக்குப் போகிறவர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி: "இண்டஸ்ட்ரியல் விசிட்ல என்ன கத்துக்கிட்டீங்க?"

"பாய்லர் பார்த்தோம், கூலிங் டவர் பார்த்தோம் சார்" என்பதுதான் வழக்கமான பதில். பஸ்ஸில் பாட்டு போட்டதை மட்டும்தான் சொல்லவில்லை! ஒரே ஒரு பொருளை எடுத்து, அது ஏன் அப்படி இருக்கிறது என்று சொன்னால் கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

உதாரணத்துக்கு, ரியாக்டர் பக்கத்தில் இருக்கும் இரண்டு வால்வுகள். இரண்டும் காற்றழுத்தத்தில் இயங்குபவை. காற்று சப்ளை நின்றால், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் கூலிங் வாட்டர் வால்வைத் திறந்துவிடும். மூலப்பொருள் வால்வை மூடிவிடும். முதலாவது 'ஃபெயில் ஓப்பன்', அடுத்தது 'ஃபெயில் குளோஸ்டு'. எது கெட்டாலும் ரியாக்டர் குளிர்ந்த பக்கமே சாய வேண்டும் என்பது கணக்கு.

இதைச் சொன்னால் அடுத்த கேள்வி அநேகமாக இப்படி வரும்: "சூடு கக்குற ரியாக்‌ஷன். மூலப்பொருள் கொஞ்சம் கொஞ்சமா போயிட்டிருக்கு. கூலிங் வாட்டர் பம்ப் நின்னுபோச்சு. முதல்ல என்ன பண்ணுவீங்க?"

"எல்லாத்தையும் ஆஃப் பண்ணிடுவேன் சார்" என்றால் சிக்கல். முதலில் நிறுத்த வேண்டியது மூலப்பொருளை. அது எரியும் அடுப்பிலிருந்து விறகை இழுப்பது மாதிரி. அஜிடேட்டரை, அதாவது கலக்கியை, நிறுத்தக் கூடாது. கலக்கல் நின்றால் உள்ளே இருப்பது அடுக்கடுக்காகப் பிரியும்; ஓரிடத்தில் சூடு ஏறும்; ஜாக்கெட்டில் மிச்சமிருக்கும் குளிர்ச்சியும் உள்ளே சரியாகப் போய்ச் சேராது. பிறகு மாற்றுப் பம்ப். அதற்கும் அடங்காமல் வெப்பநிலை ஏறினால், ரியாக்‌ஷனை அடக்கும் இன்ஹிபிட்டர், அலாரம், ஆட்களை வெளியேற்றுவது என்று அந்த ஆலையின் எஸ்.ஓ.பி. சொல்லும் வரிசையில் போக வேண்டும். தாமதிக்க முடியாது. பல ரியாக்‌ஷன்களில் ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸுக்கும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். குளிர்விக்கும் திறன் அந்த வேகத்துக்கு ஏறாது.

மீட்டர் காட்டுவதையும் அப்படியே நம்பிவிட முடியாது. 2020 மே 7 அன்று விசாகப்பட்டினத்தில் ஸ்டைரீன் கசிந்ததே, அந்த டேங்க்கில் வெப்பநிலை அளந்தது அடிப்பகுதியில் மட்டும்தான். திரவம் சரியாகக் கலக்காததால் மேலே சூடேறியது கீழே தெரியவில்லை.

கடைசியாக ஒரு கிடுக்கிப்பிடி வரலாம். "கரன்ட் போய் அஜிடேட்டரும் நின்னுடுச்சு. 20 நிமிஷம் கழிச்சு கரன்ட் வந்துடுச்சு. உடனே ஆன் பண்ணுவீங்களா?" மாட்டேன் என்பதே பதில். கலக்காமல் கிடந்த மூலப்பொருள் மொத்தமும் ஒரே நேரத்தில் வினைபுரியத் தொடங்கலாம். மூலப்பொருள் வால்வு மூடியிருக்கிறதா, எவ்வளவு உள்ளே போயிருக்கிறது, வெப்பநிலை எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து, ஷிஃப்ட் இன்சார்ஜிடம் சொல்லிவிட்டுத்தான் ஸ்விட்ச் பக்கம் கை போக வேண்டும்.