உளுந்து விட்டுச் செல்லும் தழைச்சத்து எங்கே போகிறது?

காவிரி டெல்டாவில் சம்பா, தாளடி அறுவடைக்குப் பின் உளுந்தும் பயறும் போடுவது பரம்பரை வழக்கம். நெற்கதிர் முற்றி, அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போது, மண் மெழுகுப் பதத்தில் இருக்கையில் விதையைத் தெளித்துவிடுகிறோம். பனியிலும் மிச்ச ஈரத்திலுமே அது வளர்ந்துவிடுகிறது. பயறு போட்ட வயல் உரம் ஏறிய வயல் என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டுத்தான் நாமும் வளர்ந்தோம். ஆனால் அதே வயலில் அடுத்த சம்பாவுக்கு யூரியா மூட்டை ஒன்றுகூடக் குறைவதில்லை. பயறு தழைச்சத்தைத் தருகிறது என்பது உண்மையானால், அது எங்கே போகிறது?

பதில் தெரிய, தழைச்சத்து மண்ணில் எப்படி உருமாறுகிறது என்று பார்க்க வேண்டும். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு தழைச்சத்துதான். ஆனால் எந்தப் பயிராலும் அதை நேரடியாக எடுக்க முடியாது. பயறு வகைச் செடிகளின் வேர்முடிச்சில் குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியா அதைப் பிடித்து அம்மோனியாவாக மாற்றிச் செடிக்குக் கொடுக்கிறது. செடியின் இலையும் தண்டும் மண்ணில் விழுந்து மட்கும்போது, அதில் கட்டுண்டு கிடந்த சத்து அம்மோனியமாக வெளியே வருகிறது. காற்றோட்டம் உள்ள மண்ணில் வேறு வகை பாக்டீரியாக்கள் அந்த அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அம்மோனியம் களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். நைட்ரேட் ஒட்டாது. தண்ணீர் போகும் பக்கம் போகும். வயலில் தண்ணீர் தேங்கி மண்ணுக்குள் காற்று இல்லாமல் போனால், இன்னொரு வகை பாக்டீரியா நைட்ரேட்டை வாயுவாக்கித் திரும்பக் காற்றுக்கே அனுப்பிவிடும். அத்துடன் சுழற்சி முடிகிறது.

இப்போது ஒரு ஏக்கர் உளுந்துக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 300 கிலோ மகசூல் என்று வைத்துக்கொள்வோம். உளுந்தில் ஏறக்குறைய 24 சதவீதம் புரதம். அதன்படி மணியில் மட்டும் 11 முதல் 12 கிலோ தழைச்சத்து இருக்கும். இலை, தண்டு, நெற்றுத் தோல் எல்லாம் சேர்ந்து காய்ந்த நிலையில் 600 கிலோ என்றால் அதில் சுமார் 9 கிலோ. வேரில் இரண்டு மூன்று கிலோ. ஆக மொத்தம் 23 கிலோ. இதில் 60 சதவீதத்தைச் செடி காற்றிலிருந்து எடுத்திருந்தால் அது 14 கிலோ. மீதி மண்ணிலிருந்து எடுத்தது.

நம் வழக்கப்படி செடியைப் பிடுங்கிக் களத்துக்குக் கொண்டுபோய் அடித்து, மணியை விற்று, பொட்டை மாட்டுக்குப் போடுகிறோம் அல்லது விற்றுவிடுகிறோம். வயலை விட்டு வெளியே போனது 20 கிலோவுக்கு மேல். காற்றிலிருந்து வந்தது 14 கிலோ. மண்ணுக்கு ஆறேழு கிலோ நட்டம். பொட்டு வயலுக்கே திரும்பினால் வெளியே போவது மணியில் உள்ள 11 அல்லது 12 கிலோ மட்டுமே. மண்ணுக்கு இரண்டு மூன்று கிலோ லாபம். பயறு மண்ணுக்கு உரமா, கடனா என்பதை முடிவு செய்வது அந்த 9 கிலோ பொட்டுச் சத்துதான். அது ஏறக்குறைய அரை மூட்டை யூரியாவுக்குச் சமம்.

வேர்முடிச்சு மண்ணில் இருந்தால் போதுமே என்று பலர் நினைக்கிறார்கள். பூக்கும் பருவத்தில் ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்து, முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் வேலை இல்லை. காய் முற்றும்போது அதே முடிச்சுகள் பழுப்பாகி அழுகிவிடும். அதற்குள் சத்தில் பெரும்பங்கு மணிக்குப் போய்விட்டிருக்கும். எனவே அறுவடையின்போது வேரில் மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். முடிச்சே சரியாகப் பிடிக்காத வயல்களும் உண்டு. மாதக்கணக்கில் தண்ணீர் நின்ற நெல் வயலில் ரைசோபியம் குறைந்துபோயிருக்கலாம். விதை நேர்த்தி செய்யாமல் தெளித்தால் அதன் விளைவு இங்கேதான் தெரியும். பூஞ்சாணக்கொல்லி கலந்த விதையானால் ஒரு நாள் இடைவெளி விட்டு ரைசோபியம் கலக்க வேண்டும். உளுந்து வெளுத்திருக்கிறதே என்று யூரியா தூவுவதும் தவறு. மண்ணில் சத்து எளிதாகக் கிடைத்தால் செடி முடிச்சு வளர்ப்பதைக் குறைத்துக்கொள்ளும்.

சரி, பொட்டை வயலிலேயே போட்டுக் கோடை உழவில் மடக்கிவிட்டோம். அதோடு முடிந்ததா? இல்லை. இன்னொரு ஓட்டை இருக்கிறது. கோடையில் மண் காய்ந்து கிடக்கும். இரண்டு மழை பெய்ததும் மட்கும் வேலை வேகம் பிடிக்கும். அம்மோனியம் வெளிவந்து, காற்றோட்டமான மண்ணில் நைட்ரேட்டாகச் சேரும். பயிர் இல்லாத வயலில் அதை எடுக்க ஆள் இல்லை. ஆற்றில் தண்ணீர் வந்து சம்பாவுக்கு வயலை நிரப்பிச் சேற்றுழவு செய்தவுடன், சேர்ந்திருந்த நைட்ரேட்டில் பெரும்பகுதி வாயுவாகவும் அடிமண்ணுக்குக் கசிந்தும் போய்விடும். நாற்று வேர் பிடிப்பதற்கு முன்பே இது நடந்து முடிந்துவிடுகிறது.

இந்த ஓட்டையை அடைக்கும் வேலையைத் தக்கைப்பூண்டு செய்கிறது. பலரும் அதை உரம் தரும் செடி என்று மட்டும் பார்க்கிறார்கள். உளுந்துக்கும் சம்பாவுக்கும் இடையில் அது மண்ணில் சேரும் நைட்ரேட்டைப் பிடித்துத் தன் உடம்பில் வைத்துக்கொள்கிறது. அதற்கு மேல் காற்றிலிருந்தும் எடுக்கிறது. ஏக்கருக்கு 20 கிலோ விதை போதும். 45 நாளில், பூக்கத் தொடங்கும்போது மடக்கி உழ வேண்டும். ஐந்து டன் பசுந்தழை வந்தால் அதில் சுமார் 25 கிலோ தழைச்சத்து இருக்கும். தண்ணீர் கட்டிய சேற்றில் மட்கும்போது அது அம்மோனியமாகவே நிற்கும். காற்று இல்லாததால் நைட்ரேட்டாக மாறும் வேலை பெரும்பாலும் நடக்காது. நெல்லுக்கும் அதுதான் தேவை.

இரண்டு மாதத்துக்கு மேல் விட்டால் தண்டு நாராகி விறகாகும். அதை உழுதால் மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் சத்தையும் தாங்கள் எடுத்துக்கொள்ளும். நட்ட பயிர் முதல் இரண்டு வாரம் வெளுத்து நிற்கும். குறுவை முடிந்து தாளடி நடுபவர்களுக்கு இந்த இடைவெளி கிடைக்காது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சம்பா மட்டும் நடும் வயல்களுக்கும், கோடை மழையோ ஆழ்குழாய்த் தண்ணீரோ உள்ளவர்களுக்கும்தான் இது ஒத்துவரும்.

இவ்வளவு செய்தபின் யூரியாவைக் குறைக்காவிட்டால் பயன் இல்லை. மத்திய, நீண்ட கால நெல் ரகங்களுக்கு எக்டருக்கு 150 கிலோ தழைச்சத்து என்பது பொதுப் பரிந்துரை. ஏக்கருக்கு 60 கிலோ. 45 கிலோ மூட்டையில் ஏறக்குறைய மூன்று மூட்டை. இதை அடியுரம், தூர் கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், கதிர் வெளிவரும் பருவம் என்று நான்காகப் பிரித்து இடச் சொல்கிறோம். ஆனால் இடும் யூரியாவில் பயிர் எடுப்பது பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்குதான். தேங்கிய தண்ணீரில் தூவினால் இரண்டு மூன்று நாளில் அது அம்மோனியாவாகிறது. பாசி பிடித்த தண்ணீர் பகல் வெயிலில் காரத்தன்மை ஏறி, அந்த அம்மோனியாவைக் காற்றில் விட்டுவிடும். வேப்பெண்ணெய் பூசிய யூரியா, அம்மோனியம் நைட்ரேட்டாவதைத் தாமதப்படுத்துமே தவிர, இந்த ஆவியைத் தடுக்காது. தண்ணீரை வடித்துச் சேறு தெரியும்போது தூவி, மறுநாள் தண்ணீர் கட்டுவதுதான் வழி.

தக்கைப்பூண்டு நன்றாக வளர்ந்து மடக்கிய வயலில் அடியுர யூரியாவை விட்டுவிடலாம். ஏக்கருக்கு முப்பது கிலோவுக்கு மேல் மிச்சம். மேலுரத்தை நாள் கணக்கில் போடாமல் இலை வண்ண அட்டையைப் பார்த்துப் போட வேண்டும். நட்ட 14ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, காலை எட்டு முதல் பத்து மணிக்குள், பத்துக் குத்துகளில் நன்றாக விரிந்த மேல் இலையின் நடுப்பகுதியை அட்டையோடு ஒப்பிட வேண்டும். வெயில் நேராக இலையில் படாமல் நம் நிழலில் வைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற நடவு ரகங்களுக்கு 4 என்ற எண்ணைவிட ஆறு இலைக்கு மேல் வெளுத்திருந்தால் ஏக்கருக்கு 26 கிலோ யூரியா. இல்லையென்றால் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். வெளுப்பு அடி இலையில் தொடங்கினால்தான் தழைச்சத்துக் குறை. புதிய இலை மட்டும் வெளுத்தால் அது இரும்பு அல்லது கந்தகக் குறையாக இருக்கலாம். யூரியா போட்டுத் தீராது.

பக்கத்து வயல் கரும்பச்சையாக இருப்பதைப் பார்த்து மனம் கேட்காமல் இன்னொரு அரை மூட்டை போடுவது நம் ஊர்ப் பழக்கம். அந்தப் பச்சையைத் தேடித்தான் இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் வருகின்றன, குலைநோயும் பிடிக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் சாய்வதும் அந்த வயல்தான்.

களப்பணியாளர்களுக்கும் இதில் வேலை உண்டு. முன்பயிர் உளுந்தா, பொட்டு வயலில் விழுந்ததா, தக்கைப்பூண்டு எத்தனை நாளில் மடக்கப்பட்டது என்ற மூன்று கேள்வியைக் கேட்காமல் எழுதும் உரப் பரிந்துரை எல்லா வயலுக்கும் ஒன்றாகத்தான் இருக்கும். பொட்டு மாட்டுக்குத் தேவை என்று விவசாயி சொன்னால் அதுவும் நியாயமே. அப்படியானால் அந்த மாட்டின் சாணமும் கோமியமும் கலந்த எரு அதே வயலுக்குத் திரும்பட்டும். எதுவுமே திரும்பாத வயலில் உளுந்து போட்டதைச் சொல்லி யூரியாவைக் குறைக்கச் சொல்வது விவசாயிக்கு நட்டம். திரும்பிய வயலில் குறைக்காமல் விடுவதும் நட்டம்தான். இந்த ஆண்டு உளுந்து பிடுங்கும்போது ஓர் ஏக்கரிலாவது பொட்டை வயலுக்கே கொடுத்து, தக்கைப்பூண்டும் விதைத்து, பக்கத்து வயலோடு யூரியாக் கணக்கை ஒப்பிட்டுப் பாருங்கள்.