விடுதிப் பிள்ளையின் அந்த ஒரு மணித்தியாலத்தை எடுத்தவர் யார்?

தோழர்களே, நமது பிள்ளைகளில் கணிசமானோர் இன்று லயத்தில் வளரவில்லை. தாய் வெளிநாட்டில், தகப்பன் கொழும்பில் கடையில், பாட்டி தோட்டத்தில். பிள்ளை டவுனில் உள்ள விடுதியில் தங்கிப் படிக்கிறது. தோட்டத்துப் பாடசாலையில் உயர் வகுப்பு இல்லாததாலும் பலரை அனுப்பியிருக்கிறோம். அனுப்பியதில் தவறில்லை. ஆனால் அந்த விடுதிகளின் நேர அட்டவணையில், மாலை 4.30 முதல் 5.30 வரை "விளையாட்டு" என்று எழுதியிருக்கும் ஒரு மணித்தியாலம் எங்கே போகிறது என்று நாம் யாரும் கேட்பதில்லை. இந்த இதழில் அதைக் கேட்கிறோம்.

கேட்டால் வரும் முதல் பதில் நமக்குத் தெரியும்: "படிக்கத்தானே அனுப்பினீர்கள், விளையாடவா?" இதைச் சொல்பவர்கள் ஒன்றை மறைக்கிறார்கள். வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு நாள் முழுக்கச் சின்னச் சின்ன விடுதலைகள் உண்டு. தண்ணீர் எடுக்கப் போகும் வழியில் ஓடும், தம்பியோடு சண்டை பிடிக்கும், பக்கத்துக் காம்பராவில் போய் உட்கார்ந்து கதைக்கும். விடுதியில் எழும்புவதற்கு மணி, சாப்பிட மணி, ஜெபத்துக்கோ பூசைக்கோ மணி, படிக்க மணி, படுக்க மணி. யாரோடு இருப்பது, எதைச் செய்வது என்று பிள்ளை தானாகத் தீர்மானிக்கும் நேரம் அந்த மாலை ஒன்றுதான். பொழுது சாயும் அதே வேளையில்தான் வீட்டு ஞாபகமும் வருகிறது. புதிதாக வந்த பிள்ளை வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பது அந்த நேரத்தில்தான்.

நேரம் எப்படித் திருடப்படுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். 42 பிள்ளைகள் உள்ள ஒரு விடுதியை எடுத்துக்கொள்வோம். குளிக்க இரண்டு பைப். ஒரு பிள்ளைக்கு 4 நிமிடம் என்றாலும், ஒரு பைப்புக்கு 21 பேர், ஆக 84 நிமிடம். அந்தக் குளிப்பை 4.30க்குத் தொடங்கினால் கடைசிப் பிள்ளை முடிக்கும்போது ஆறு மணியாகிறது. 5.30 மணி அடிக்கும்போது கிட்டத்தட்ட 12 பேருக்குக் குளிக்கும் முறையே வந்திருக்காது. குளித்து முடித்தவர்களோ "உடுப்பை அழுக்காக்காதே" என்ற கட்டளையோடு வராந்தாவில் உட்கார வைக்கப்படுகிறார்கள். இதற்குமேல் தேநீர் வரிசை, முற்றம் கூட்டுதல், சமையலறைக்கு விறகு சுமத்தல். அட்டவணையில் ஒரு மணித்தியாலம், பிள்ளையின் கையில் பத்து நிமிடம்!

மலையில் நமது வேலை முடிந்த பிறகும் கொழுந்து எடுக்கச் சொன்னால் அதற்குக் கைக்காசு என்று ஒன்று இருக்கிறது. பிள்ளையின் இடைவேளையில் வாங்கும் வேலைக்கு என்ன இருக்கிறது?

இதைத் திருத்தக் காசு வேண்டியதில்லை. பாடசாலை 1.30க்கு விடுகிறது. சாப்பிட்ட பின், மலைக்குளிருக்கு முன்னரே, வெயில் இருக்கும்போது பாதிப் பிள்ளைகள் குளிக்கட்டும். மறுபாதி மறுநாள் அந்த நேரத்தில் குளிக்கட்டும். மாலையில் கைகால் முகம் கழுவினால் போதும். விளையாடி அழுக்கான பிள்ளை கால் கழுவிவிட்டுப் படிக்க உட்காருவதால் எந்தப் பரீட்சையும் தோற்காது.

அடுத்தது, கிடைத்த நேரத்தில் யார் விளையாடுகிறார்கள் என்பது. முற்றத்தில் ஒரு கிரிக்கெட் மட்டை இருந்தால் முற்றம் முழுவதும் அந்த மட்டைக்குச் சொந்தம். ஒருவர் அடிக்கிறார், ஒருவர் போடுகிறார், பத்துப் பேர் நிற்கிறார்கள், மீதி முப்பது பேர் சுவரோரம். பெண் பிள்ளைகளும் ஆறாம் தரத்துச் சின்னவர்களும் அந்த முப்பதில்தான். பந்து தேயிலைக்குள் போனால் ஆட்டமும் முடிந்தது. கிரிக்கெட்டுக்கு நாங்கள் எதிரியல்ல. வாரத்தில் இரண்டு நாள் அதற்கு இருக்கட்டும். மற்ற நாட்களில் எல்லாரும் சேரும் ஆட்டம் வேண்டும். அது நமது லயத்து முற்றங்களிலேயே ஆடப்பட்டது: கிளித்தட்டு.

அதற்கு வேண்டியது தரையில் கோடு மட்டுமே. ஏறக்குறைய 15 மீற்றர் நீளம், 6 மீற்றர் அகலத்தில் ஒரு கட்டம். நடுவில் நீளவாக்கில் ஒரு கோடு. குறுக்கே மூன்று மீற்றருக்கு ஒரு கோடு. பக்கத்துக்கு ஆறு பேர். மறிக்கும் பக்கத்தில் ஒருவர் கிளி. அவர் நடுக்கோட்டிலும் ஓரக்கோடுகளிலும் ஓடலாம். மற்ற ஐவரும் ஆளுக்கொரு குறுக்குக் கோட்டில் நிற்பார்கள், காலைக் கோட்டிலிருந்து எடுக்கக் கூடாது. எதிர்ப் பக்கத்தார் அவர்களை ஏமாற்றிக் கடைசிக் கோட்டைக் கடந்து, திரும்பி வர வேண்டும். ஒருவர் தொடப்பட்டால் பக்கம் மாறும். ஒருவர் தப்பித் திரும்பினால் அந்தப் பக்கத்துக்கு வெற்றி. விதி ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். பிள்ளைகளே பேசி முடிவெடுக்கட்டும், அதுவும் ஆட்டத்தின் பாதி.

இரண்டு கட்டம் போட்டால் 24 பேர் ஒரே நேரத்தில் ஓடலாம். மீதிப் பேர் கொக்கான், பாண்டி ஆடிவிட்டு முறை மாறலாம். பலம் உள்ளவன் மட்டும் வெல்லும் ஆட்டமல்ல இது. நெளிந்து புகும் சின்னப் பிள்ளைக்கும் இடமுண்டு. கோடு போட அடுப்புச் சாம்பல் போதும். சுண்ணாம்பு வேண்டாம், கண்ணில் பட்டால் ஆபத்து. மழை பெய்த தரையில் ஓட விடாதீர்கள், வழுக்கும். அன்றைக்கு உள்ளே கொக்கானும் பல்லாங்குழியும் இருக்கட்டும். கேரம் பலகை ஒன்றைக் காட்டி "விளையாட்டு வசதி உண்டு" என்று சொல்லும் நிர்வாகத்திடம், அதில் ஒரே நேரத்தில் நாலு பேர்தான் ஆடலாம் என்று சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பெரிய பிள்ளைகளே ஆள் பொறுக்கினால் தினமும் ஒரே பிள்ளை கடைசியில் மிஞ்சும். ஆகவே வரிசையில் நின்று ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பக்கம் பிரிக்க வேண்டும். பெரியவர் ஒருவர் முற்றத்தில் கண்ணோட்டமாக நிற்க வேண்டும், ஆட்டத்தை நடத்தக் கூடாது. மூன்று நாள் தொடர்ந்து "வயிற்று வலி" என்று ஒதுங்கும் பிள்ளையை அவர் கவனித்தால், அங்கே நோயா, அடியா, வீட்டு ஏக்கமா என்று விசாரிக்கலாம்.

தண்டனையாக விளையாட்டைப் பறிப்பதை நாங்கள் வன்மையாகக் கண்டிக்கிறோம். வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைக்கு வேறு திருத்தம் உண்டு. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை ஓய்வையும் விளையாட்டையும் பிள்ளையின் உரிமை என்கிறது. உரிமையை நன்னடத்தைக்குப் பரிசாகக் கொடுக்க முடியாது. நமது தேநீர் இடைவேளையை ஒரு துரை அப்படிக் கொடுக்க முயன்றால் நாம் என்ன செய்வோம்?

ஆகவே விடுதியில் பிள்ளை உள்ள ஒவ்வொரு குடும்பமும் அடுத்த முறை பார்க்கப் போகும்போது நிர்வாகத்திடம் மூன்று கேள்வி கேட்கட்டும்: குளிப்பு எத்தனை மணிக்கு? 4.30க்குப் பிறகு பிள்ளைக்கு என்ன வேலை? விளையாட்டை நிறுத்தித் தண்டிப்பதுண்டா? தனியாகக் கேட்கத் தயங்குபவர்கள் தோட்டக் கமிட்டித் தலைவரோடு போங்கள். பிள்ளையிடமும் மார்க்ஸ் எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். "நேற்று யாரோடு விளையாடினாய்?" என்று கேளுங்கள். பெயர் சொல்லாமல் பிள்ளை தலையைக் குனிந்தால், அந்த ஒரு மணித்தியாலத்தைப் பற்றி அன்றே பேசிவிட்டு வாருங்கள்.